"வார்மா ஒரு மரமேசை வேணும்": ஒரு கஃபே மெயிலை வாசிக்கிறது எப்படி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு மெயிலைப் பத்தித்தான். புதுசா கஃபே திறக்கிறவங்க மெனு டிசைனருக்கு அனுப்புற மெயில். நான் வாசிக்கப்போறது தனிப்பட்ட யாரோட மெயிலும் கிடையாது. இந்த மாதிரி மெயில்ல வழக்கமா வர்ற வரிகளைச் சேர்த்து, இந்த எபிசோடுக்காக நானே எழுதினது. கடை எங்கேன்னு கேட்டா, சி.டி.எச். ரோட்டுல, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல ஒரு சின்ன இடம்னு வெச்சுக்குவோம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்தாலும் மெயில் இதேதான்.

"வணக்கம் மேடம். அடுத்த மாசம் கஃபே ஓப்பனிங். மெனு கார்டுக்கும் டெலிவரி ஆப்புக்கும் சேர்த்து 24 ஐட்டம் போட்டோ வேணும். எல்லாத்துக்கும் வார்மான மரமேசை பேக்ரவுண்ட் வரணும். டார்க் பிரவுன், கொஞ்சம் ரஸ்டிக், பழைய வீட்டுத் திண்ணை ஃபீல். மூணு ரெஃபரன்ஸ் படம் இணைச்சிருக்கேன். எங்க டேபிள் சன்மைக்கா, அது போட்டோவுல நல்லா இல்ல. நாங்களே கடையில போன்ல எடுத்து அனுப்புறோம். நீங்க பின்னாடி மரத்தை மட்டும் மாத்திக் கொடுத்தா போதும். பட்ஜெட் கம்மி மேடம். நன்றி."

மரியாதையான மெயில். படிச்சதும் புரிஞ்ச மாதிரியும் இருக்கும். ஆனா இதை அஞ்சு டிசைனருக்கு அனுப்பினா அஞ்சு விதமான மேசை வரும். அதுல நாலு அவருக்குப் பிடிக்காது. பிடிக்கலைன்னா திரும்ப எடுக்கணும். திரும்ப எடுக்கிறதுன்னா 24 ஐட்டத்தையும் மறுபடி சமைக்கிறது. கடை திறக்கப்போற மாசத்துல மாஸ்டரோட ஒரு நாள் அதுக்கே போயிடும். அதனால இந்த மெயிலை வரி வரியாப் பார்ப்போம்.

"வார்ம்"னா எது வார்ம்?

முதல் சிக்கல் அந்த ஒரு வார்த்தையில இருக்கு. சென்னை வெயில்ல நாம ஒரு இடத்தைப் பாராட்டணும்னா "குளுகுளுன்னு இருக்கு"ன்னுதான் சொல்வோம். "சூடா இருக்கு"ன்னா அது புகார். "வார்ம்"ங்கிற பாராட்டு குளிர் ஊர்களோட காபிக்கடைப் படங்கள் வழியா நமக்கு வந்தது. அதனால அதைச் சொல்லும்போது நம்ம மனசுல மூணு விஷயம் கலந்து கிடக்கு. ஒண்ணு, மரத்தோட நிறம்: தேன், செம்பழுப்பு மாதிரி. ரெண்டு, விளக்கோட நிறம்: பழைய குண்டு பல்பு மஞ்சள். மூணு, அந்த இடத்தோட உணர்வு: இதமா உட்கார்ந்து பேசலாம்ங்கிற எண்ணம்.

உணர்வை போட்டோ எடுக்க முடியாது. அது மத்த ரெண்டுலேர்ந்துதான் வரணும். அதனால கேள்வி இதுதான்: வார்ம் மரத்துல இருக்கணுமா, வெளிச்சத்துல இருக்கணுமா? என் பதில்: மரத்துல இருக்கட்டும். வெளிச்சம் வெள்ளையாவே இருக்கட்டும்.

ஏன்னு சொல்றேன். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது பெட்டியைப் பாருங்க. கூல் டேலைட்னா 6500 கெல்வின்னு போட்டிருக்கும், வார்ம் ஒயிட்னா பெரும்பாலும் 3000 அல்லது 2700. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இப்போ வார்ம் ஒயிட் பல்புக்குக் கீழ இட்லி எடுக்கிறோம், இல்லைன்னா எடிட்டிங்ல மொத்தப் படத்தையும் மஞ்சள் பக்கம் இழுக்கிறோம்னு வைங்க. மேசை அழகாயிடும். ஆனா இட்லியும் சேர்ந்து மஞ்சளாகும். தேங்காய் சட்னி பழசு மாதிரி தெரியும். தயிர் சாதத்தைப் பார்த்தா நேத்து வெச்சதோன்னு சந்தேகம் வரும். கேக், பான்கேக் படங்கள்ல மஞ்சள் வெளிச்சம் ஒரு அழகு. ஆனா வெள்ளையா இருக்கிறதைத்தான் புதுசுன்னு நம்புற நம்ம சாப்பாட்டுக்கு அது ஒத்துவராது.

அதனால ஒரு எளிய விதி: இட்லிதான் அளவுகோல். எந்த ஐட்டம் எடுக்கிறதா இருந்தாலும், முதல்ல அந்த வெளிச்சத்துல ஒரு இட்லியை வெச்சு எடுங்க. திரையில இட்லி இட்லி நிறத்துல இருக்கா? இருந்தா வெளிச்சம் சரி. அதுக்கப்புறம் எவ்வளவு வார்ம் வேணுமோ, அதை மரப் பலகையை மாத்திக் கொண்டுவாங்க.

சின்னக் கடையில இதுக்குப் பெரிய லைட் செட்டப் தேவையில்லை. முன்பக்க ஷட்டரைத் திறந்தா வர்ற பகல் வெளிச்சம் போதும். நேர் வெயில் விழாத நேரமாப் பாருங்க. அப்போ உள்ளே எரியுற எல்லா லைட்டையும் அணைச்சிடணும். இதுதான் பலரும் விடுற இடம். ஒரு பக்கம் பகல் வெளிச்சம், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்புன்னு ரெண்டும் கலந்தா, தட்டோட ஒரு ஓரம் நீலமாவும் இன்னொரு ஓரம் ஆரஞ்சாவும் வரும். எந்த எடிட்டிங்லயும் அதை முழுசா சரி பண்ண முடியாது. ஒரு ஓரத்தைச் சரி பண்ணினா மறு ஓரம் கெடும்.

பிரவுன் மேல பிரவுன்

அடுத்த வரி: "எல்லாத்துக்கும் டார்க் பிரவுன்." இங்கேதான் மெனுவை எடுத்து வெச்சுக்கிட்டு பார்க்கணும். மசால் தோசை, மெதுவடை, பன் பட்டர் ஜாம், ஃபில்டர் காபி, இஞ்சி டீ, சமோசா. எல்லாமே பழுப்பு. நல்லா முறுகலா வந்த தோசையோட நிறமும், நல்லா பாலிஷ் போட்ட தேக்கோட நிறமும் கிட்டத்தட்ட ஒண்ணு. நேர்ல பார்க்கும்போது ஆவி, வாசனை எல்லாம் சேர்ந்து தோசையைப் பிரிச்சுக் காட்டுது. போட்டோவுல அது எதுவும் கிடையாது. ஆப்ல அந்தப் படம் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் தெரியும். அந்த அளவுல தோசை மேசைக்குள்ள கரைஞ்சு போயிடும்.

அவர் அனுப்பின மூணு ரெஃபரன்ஸ் படத்தையும் திறந்து பார்த்தா விஷயம் புரியும். வெள்ளைக் கப்புல லாட்டே, வெள்ளைத் தட்டுல பான்கேக், மேல க்ரீம். அங்கே டார்க் மரம் எடுபடக் காரணம், நடுவுல ஒரு வெள்ளை இருக்கு. அந்த வெள்ளையை எடுத்துட்டு மரத்தை மட்டும் நாம கேட்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. எடுத்த படத்தைப் போன்லயே கறுப்பு வெள்ளை ஃபில்டர்ல போட்டு, சின்னதாக்கிப் பாருங்க. சாப்பாட்டோட விளிம்பு தெளிவாத் தெரிஞ்சா பேக்ரவுண்ட் சரி. சாப்பாடும் மேசையும் ஒரே சாம்பலா இருந்தா, கலர்ல எவ்வளவு அழகா இருந்தாலும் அது வேலைக்கு ஆகாது.

அப்போ என்ன பண்றது? ஒரு பலகைக்குப் பதிலா ரெண்டு பலகை. ஒண்ணு நல்ல டார்க், இன்னொண்ணு வெளிர் மரம். இட்லி, தயிர் வடை, இடியாப்பம், வெண்பொங்கல் மாதிரி வெளிர் ஐட்டம் டார்க்ல. தோசை, வடை, பன், சமோசா வெளிர்ல. நம்ம 24 ஐட்டத்தை இப்படிப் பிரிச்சா, பாதிக்கு மேல வெளிர் பலகைக்குத்தான் போகும். உரிமையாளர் கேட்டதுக்கு இது நேர் எதிர், ஆனா அவர் விரும்புற வார்ம் இதுலயும் இருக்கு. வெளிர் மரம்னா வெள்ளை மரம் இல்லை. மஞ்சள் சாயல் இருக்கிற புதுப் பலா மரமோ, பைனோ வெளிர்தான், வார்மும்தான்.

டார்க் பலகையிலேயே தோசை வேணும்னு அவர் பிடிவாதமா இருந்தா, நடுவுல ஒரு வாழை இலை. பச்சை வந்து பழுப்பையும் பழுப்பையும் பிரிச்சிடும். காபிக்கு பித்தளை டபரா செட் வெச்சா, அதோட மஞ்சள் பளபளப்பே பிரிச்சுக் காட்டும். எவர்சில்வர் டம்ளர்னா ஒரு எச்சரிக்கை: அது கண்ணாடி மாதிரி. எடுக்கிறவங்க சிவப்புச் சட்டை போட்டிருந்தா டம்ளர்லயும் சிவப்புக் கோடு இருக்கும்.

"திண்ணை ஃபீல்"

இது எனக்குப் பிடிச்ச வரி. ஆனா யோசிச்சுப் பாருங்க, திண்ணையில மேசை எங்கே இருக்கு? அங்கே மரம்னா தூணும் கதவும்தான். தரை பல வீடுகள்ல சிவப்பு சிமென்ட். அவர் சொல்ல வர்றது மேசையைப் பத்தி இல்லை, கை பட்டுப் பட்டு மங்கின பழைய தேக்குக் கதவோட நிறத்தைப் பத்தி. அதுல பளபளப்பு இருக்காது. ஆனா "ரஸ்டிக்"னு தேடினா வர்ற படங்கள்ல வெடிச்ச மரம், பெரிய பெரிய கணு, ஆணி ஓட்டைன்னு இருக்கும். அது வேற ஊரோட தானியக் களஞ்சியம். ரெண்டுமே பழசுதான், ஆனா ஒண்ணு பார்த்துப் பார்த்து வெச்ச பழசு, இன்னொண்ணு அப்படியே விட்ட பழசு. சாப்பாட்டுக்குக் கீழ எது வேணும்னு கேட்டு முடிவு பண்ணணும். கேட்கிறதுக்கு ஒரே வழி, படம் காட்டிக் கேட்கிறது. "இந்த மாதிரி"ன்னு மூணு படம் வாங்கின மாதிரியே, "இது மட்டும் வேண்டாம்"னு ரெண்டு படமும் வாங்குங்க. இந்த ரெண்டு படம் பல சமயம் அந்த மூணை விட அதிகம் சொல்லும்.

"மரத்தை மட்டும் மாத்திக் கொடுங்க"

மெயில்லயே விலை உயர்ந்த வரி இதுதான். உரிமையாளர் இதுல செலவு குறையும்னு நினைக்கிறார். 24 படத்துல சாப்பாட்டை வெட்டி எடுத்து, ஒரு ஸ்டாக் மரப் படத்துல ஒட்டி, நிஜம் மாதிரி காட்டுறது, நிஜப் பலகையில எடுக்கிறதை விட நேரமும் பணமும் கூடப் பிடிக்கும். அதுக்கு அப்புறமும் மூணு இடத்துல மாட்டிக்கும்.

முதல் இடம், கோணம். தோசையை நேர் மேலேர்ந்து எடுத்திருக்கோம், காபியைச் சாய்வா எடுத்திருக்கோம். மரப் படம் ஒரே கோணத்துல இருக்கு. மேலேர்ந்து எடுத்த மரத்துல சாய்வா எடுத்த டம்ளரை வெச்சா, டம்ளர் விழப்போற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, நிழல். தட்டு மேசையைத் தொடுற இடத்துல ஒரு மெல்லிய கருநிழல் இருக்கும். அதை விட்டா தட்டு மிதக்கும். அதோட, சன்மைக்கா மேல எடுத்த எவர்சில்வர் தட்டோட அடி விளிம்புல அந்த சன்மைக்காவோட நிறம் பிரதிபலிச்சிருக்கும். மேசையை மாத்தலாம், தட்டுக்குள்ள இருக்கிற பழைய மேசையை மாத்துறது சிரமம்.

மூணாவது, அளவு. இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை. ஒரு இட்லி தோராயமா மூணு அங்குலம். மேசைப் பலகைத் துண்டு ஒவ்வொண்ணும் நாலு அங்குலம்னு வைங்க. அப்போ இட்லிக்குக் கீழ ஒரு முழுத் துண்டு கூட மறையாது. பத்து அங்குலத் தட்டுன்னா ரெண்டரைத் துண்டு மறையும். ஸ்டாக் படத்தைப் பெருசாக்கி ஒட்டும்போது, ஒரே துண்டுக்குள்ள தட்டு முழுசா அடங்கிடும். பார்க்கிறவங்க கண்ணுக்கு மேசை பெருசாத் தெரியாது, இட்லி மினி இட்லியாத் தெரியும். விலை அம்பது ரூபாய்னு போட்டு, மினி இட்லி காட்டினா என்ன ஆகும்? இது போலின்னு எல்லாராலும் சொல்ல முடியாது, ஆனா ஏதோ சரியில்லைன்னு எல்லாருக்கும் தோணும். படத்தைச் சரிபார்க்கும்போது தட்டுக்குக் கீழ எத்தனை துண்டு மறையுதுன்னு எண்ணுங்க. அது ஒண்ணே போதும்.

பலகை செய்யிறது

நிஜப் பலகை செய்றது பெரிய வேலை இல்லை. நாலு அடி நீளம், மூணு அடி அகலம். நாலு அங்குலத் துண்டு ஒன்பது சேர்த்தா மூணு அடி வந்துடும். தோசை தட்டை விட்டு வெளியே நீட்டினாலும் ஃபிரேமுக்குள்ள மரம்தான் இருக்கும். காபியைச் சாய்வா எடுக்கும்போது ஒண்ணு கீழே, இன்னொண்ணு பின்னாடி சுவர் மாதிரி நிறுத்திக்கலாம். அதுக்கும் ரெண்டு பலகை உதவும்.

மரத்துக்குப் பழைய கதவு, ஜன்னல் விக்கிற கடைக்குப் போகலாம். டார்க் பலகைக்கு ஒரு பழைய தேக்குக் கதவே போதும். வெளிர் பலகைக்கு நம்ம பக்கம் ஒரு வசதி உண்டு: அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்குற பைன் மரப் பெட்டியும் பேலட்டும் பழைய மரமா விலைக்குக் கிடைக்கும். வாங்கும்போது அதுல இருக்கிற முத்திரையைப் பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற பேக்கிங் மரத்துல கதிர் மாதிரி ஒரு குறியும் எழுத்துகளும் இருக்கும். எச்.டி.ன்னு இருந்தா சூடுபடுத்திப் பூச்சியைக் கொன்ன மரம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது. சாப்பாட்டுக்குக் கீழ வைக்க அது வேண்டாம். எண்ணெய்க் கறை இருக்கிறதும் வேண்டாம்.

கார்பென்டர் கிட்ட சொல்ல வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு, பாலிஷ் மேட்டா இருக்கணும். பளபளன்னு வார்னிஷ் அடிச்சா, ஷட்டர் வெளிச்சம் மொத்தமும் மேசையில வெள்ளைத் திட்டா விழும். அவங்க சன்மைக்கா போட்டோவுல நல்லா இல்லாததுக்கும் அதுதான் காரணமா இருக்கும், அதோட நிறம் இல்லை. ரெண்டு, பாலிஷ் இல்லாமலும் விடக்கூடாது. வெறும் மரத்துல சாம்பார் ஒரு சொட்டு சிந்தினா மஞ்சள் உள்ளே இறங்கிடும், அப்புறம் வராது. காலையில எடுத்த படத்துல இல்லாத கறை மதியப் படத்துல இருக்கும்.

எழுத்துக்கு இடம்

மெயில்ல இல்லாத ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இந்த மரத்து மேலதான் மெனு எழுத்து வரப்போகுதா? ஐட்டம் பேரைத் தமிழ்ல போடுறதா இருந்தா கவனம். மரத்துல ரேகையும் புள்ளியும் இருக்கும். தமிழ்லயும் புள்ளி இருக்கு. "பன்" மேல இருக்கிற புள்ளி ஒரு வெளிர் ரேகைக்குள்ள போயிட்டா அது "பன" ஆயிடும். அச்சுல இன்னும் மோசம். பழுப்பு நிறம் நாலு மை கலந்துதான் வருது. அதுக்குள்ள வெள்ளை எழுத்தைச் சின்னதா விட்டா, ஒரு மை இம்மியளவு நகர்ந்தாக்கூட ற, ண, ழ எல்லாத்தோட சுழியும் அடைஞ்சுபோகும். அதனால படத்துலயே ஒரு பக்கம் காலி விட்டு எடுங்க, இல்லைன்னா எழுத்துக்குத் தனியா ஒரே நிறப் பட்டை கொடுங்க. மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி, அதே தாள்ல, அதே லேமினேஷனோட ஒரு பக்கம் அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. திரையில தேன் நிறமா மின்னுற மரம் தாள்ல மங்கிப்போக வாய்ப்பு உண்டு.

இப்போ அதே மெயிலை, அதே உரிமையாளர் இப்படி எழுதினா?

"வணக்கம் மேடம். 24 ஐட்டம், லிஸ்ட் இணைச்சிருக்கேன். எது வெளிர், எது பழுப்புன்னு குறிச்சிருக்கேன். ரெண்டு பலகை செய்யலாம்னு இருக்கோம்: ஒண்ணு பழைய தேக்குக் கதவு நிறம், இன்னொண்ணு தேன் சாயல் உள்ள வெளிர் மரம். ரெண்டும் மேட் பாலிஷ், நாலுக்கு மூணு அடி, துண்டு நாலு அங்குலம். வெடிப்பு, ஆணி ஓட்டை வேண்டாம். போட்டோ காலையில ஷட்டர் வெளிச்சத்துல, உள் லைட் அணைச்சு எடுப்போம். தோசை, இட்லி மேலேர்ந்து. காபி, டீ சாய்வா. இட்லி வெள்ளையாத் தெரியணும், அது முக்கியம். மெனு கார்டு தமிழ்ல, எழுத்துக்கு இடப்பக்கம் காலி விடுறோம். முதல்ல இட்லி, தோசை, காபி மூணு மட்டும் எடுத்து அனுப்புறோம். நீங்க பார்த்து ஓகே சொன்னதும் மீதி 21. நன்றி."

"வார்ம்"ங்கிற வார்த்தை இதுல எங்கேயும் இல்லை. ஆனா எந்த டிசைனர் படிச்சாலும் கிட்டத்தட்ட ஒரே மேசைதான் வரும். கடைசி வரியைக் கவனிங்க: மூணு படம் முதல்ல. தப்பா இருந்தா மறுபடி சமைக்க வேண்டியது மூணே ஐட்டம்தான். பலகைக்கு ஆகுற செலவுல ஒரு பங்கை அந்த ஒரு வரியே மிச்சம் பண்ணிடும்.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க கடை மெனு படம் ஏதாவது கையில இருந்தா, இப்பவே கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. தோசை தெரியுதா, மேசை மட்டும் தெரியுதான்னு சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.